வந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள், போனவர்கள்?

2017-ஆம் ஆண்டு ஜூன் 29. நியூயார்க் பங்குச் சந்தையில் ப்ளூ ஏப்ரன் என்ற நிறுவனத்தின் பங்கு முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. விலை 10 டாலர். சில நாட்களுக்கு முன்புவரை 15 முதல் 17 டாலர் கிடைக்கும் என்றுதான் நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மாதம்தான் அமேசான், ஹோல் ஃபுட்ஸ் கடைகளை 1,370 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்திருந்தது. ‘உணவு வியாபாரத்துக்குள் யானை நுழைந்துவிட்டது, இனி சின்னவர்களுக்கு வேலையில்லை’ என்று சந்தை மிரண்டது. ப்ளூ ஏப்ரன் சரிந்த கதையை இன்றும் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள்.

அமேசான் அறிவிப்பு வந்தது ஜூன் 16-ஆம் தேதி. ப்ளூ ஏப்ரன் தன் கணக்குகளை அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் கொடுத்தது ஜூன் 1-ஆம் தேதி. என்ன நடக்கப்போகிறது என்பதற்கான தடயம் அந்த ஆவணத்திலேயே இருந்தது. ஒரு எண்ணை மட்டும் அதில் காணவில்லை. சேர்ந்த வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் தங்கினார்கள், எத்தனை பேர் கழன்றுகொண்டார்கள் என்ற எண் அது. சந்தாவை நம்பி நடக்கும் எந்தத் தொழிலுக்கும் உயிர்நாடியான எண்.

ப்ளூ ஏப்ரன் 2012-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. வாரம் ஒரு பெட்டி வீட்டுக்கு வரும். அளந்து வைத்த காய்கறி, இறைச்சி, மசாலா, கூடவே செய்முறை அட்டை. சமைப்பது மட்டும் வாடிக்கையாளரின் வேலை. வேலைக்குப் போகும் நகரத்துத் தம்பதிகளுக்கு இது பிடித்துப்போனது. 2014-இல் 7.78 கோடி டாலராக இருந்த வருமானம் 2016-இல் 79.5 கோடி டாலர் ஆனது. இரண்டே ஆண்டுகளில் பத்து மடங்கு. 2017-இன் முதல் காலாண்டில் வாடிக்கையாளர் எண்ணிக்கை 10,36,000. முதலீட்டாளர்களுக்குக் காட்ட இதைவிட அழகான வரைபடம் கிடைக்காது.

ஆவணத்தில் இன்னும் இரண்டு எண்கள் எடுப்பாக இருந்தன. ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவர ஆகும் செலவு 94 டாலர். அவர் மூன்று ஆண்டுகளில் கொடுக்கும் பணம் சராசரியாக 939 டாலர். பொருட்களுக்கும் பெட்டிக்கும் அனுப்பும் செலவுக்கும் மூன்றில் இரண்டு பங்கு போனாலும், மீதம் 300 டாலருக்கு மேல் நிற்கிறது. 94 போட்டு 300 எடுக்கும் தொழிலில் எவ்வளவு பணம் வேண்டுமானாலும் போடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

அப்போது அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் சந்தையியல் கற்பித்துக்கொண்டிருந்த டேனியல் மெக்கார்த்தி இந்த எண்களை அப்படியே ஏற்கவில்லை. நிறுவனம் சொல்லாமல் விட்ட எண்ணை, சொன்ன எண்களிலிருந்தே பிடிக்க முடியுமா என்று பார்த்தார். அவருடைய புள்ளியியல் முறை நுணுக்கமானது. ஆனால் அதன் வாசல்வரை கூட்டல் வகுத்தல் தெரிந்த எவரும் போய்விடலாம்.

94 டாலர் என்ற செலவு எப்படி வந்தது? 2014 முதல் 2017 மார்ச் வரை விளம்பரத்துக்கும் சந்தைப்படுத்தலுக்கும் செய்த மொத்தச் செலவை, அந்தக் காலத்தில் வந்த மொத்த வாடிக்கையாளர் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. மொத்தச் செலவு ஆவணத்திலேயே இருக்கிறது, ஏறத்தாழ 27 கோடி டாலர். அதை 94-ஆல் வகுத்தால் சுமார் 29 லட்சம். அதாவது அந்த மூன்றேகால் ஆண்டுகளில் 29 லட்சம் பேர் ஒரு முறையாவது பெட்டி வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். கடைசிக் காலாண்டில் வாங்கியவர்களோ 10 லட்சத்துச் சொச்சம். மீதி 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த மூன்று மாதத்தில் ஒரு பெட்டிகூட வாங்கவில்லை.

அந்த 10 லட்சத்தையும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். காலாண்டில் ஒரே ஒரு முறை பணம் கொடுத்து வாங்கியவரும் அந்த நிறுவனத்தின் கணக்கில் ‘வாடிக்கையாளர்’தான். ஜனவரி முதல் வாரம் தள்ளுபடியில் ஒரு பெட்டி வாங்கிவிட்டு, இரண்டாவது வாரமே வேண்டாம் என்று போனவரும் மார்ச் மாத எண்ணிக்கையில் உட்கார்ந்திருப்பார். இன்னொரு கூட்டமும் உண்டு. இந்தச் சேவையில் வேண்டாத வாரத்தைத் தாண்டிப் போகலாம். சந்தாவை ரத்து செய்யாமலே வாரா வாரம் தாண்டிக்கொண்டே இருப்பவர், ரத்து செய்தவர்களின் பட்டியலில் வரமாட்டார். அவரிடமிருந்து பணமும் வராது.

மெக்கார்த்தியின் மதிப்பீடு இதைவிடக் கடுமையாக இருந்தது. புதிதாகச் சேர்பவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் விலகிவிடுகிறார்கள் என்றார். புதியவர்களைப் பிடிக்கும் செலவும் 94 டாலரில் நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போகிறது என்றும் சொன்னார். 94 என்பது மூன்று ஆண்டுச் சராசரி. தொடக்கத்தில், அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டுத் தானாக வந்தவர்களுக்குச் செலவே ஆகாமல் இருந்திருக்கும். அந்த மலிவு, இன்றைய விலையைச் சராசரிக்குள் மறைத்துவிடுகிறது. 2017-இன் முதல் காலாண்டை மட்டும் தனியாகப் பார்க்கலாம். செலவு 6.06 கோடி டாலர். வாடிக்கையாளர் எண்ணிக்கை முந்தைய காலாண்டின் 8,79,000-லிருந்து 10,36,000-ஆக, அதாவது 1,57,000 பேர் கூடியது. கூடிய ஒவ்வொரு தலைக்கும் 386 டாலர்! புதிதாக வந்தவர்கள் 1,57,000-ஐவிட அதிகம்தான். ஆனால் அவர்களில் ஒரு பகுதியினர், போனவர்களின் காலி இடத்தை நிரப்பத்தான் பயன்பட்டார்கள்.

939 டாலரிலும் இதே சிக்கல் இருக்கிறது. 2017 மார்ச்சில் நின்று, மூன்று ஆண்டு வரலாறு உள்ளவர்களைத் தேடினால், 2014 மார்ச்சுக்குள் சேர்ந்தவர்கள் மட்டும்தான் கிடைப்பார்கள். நிறுவனம் சிறியதாக இருந்தபோது தேடிவந்த ஆர்வலர்கள் அவர்கள். 2016-இல் பாட்காஸ்ட் விளம்பரத்தைக் கேட்டு, தள்ளுபடிக்காக வந்தவரும் அவர்களைப் போலவே மூன்று ஆண்டு இருப்பார் என்று எடுத்துக்கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. அந்த ஆவணத்தின்படியே ஒருவர் முதல் ஆறு மாதத்தில் கொடுக்கும் பணம் 410 டாலர். மூன்று ஆண்டு வருமானத்தில் 44 சதவீதம் முதல் ஆறு மாதத்திலேயே வந்துவிடுகிறது என்றால், பிறகு என்ன ஆகிறது என்பதை ஊகிக்க நிபுணர் தேவையில்லை.

அடுத்த காலாண்டில் திரை விலகியது. நியூ ஜெர்சி மாநிலத்தின் லிண்டனில் புதிய கிடங்கைக் கட்டி, வேலையை அங்கே மாற்றுவதில் குழப்பம் ஏற்பட்டதால், நிறுவனம் விளம்பரச் செலவைக் குறைத்தது. 6.06 கோடியாக இருந்த செலவு 3.46 கோடி டாலர் ஆனது. வாடிக்கையாளர் எண்ணிக்கை 9,43,000-ஆக இறங்கியது. அடுத்த காலாண்டில் 8,56,000. ஆண்டு முடிவில் 7,46,000. 2018 முடிவில் 5,57,000. 2019 முடிவில் 3,51,000. விலகல் என்ற ஒன்று புதிதாக முளைக்கவில்லை. முன்பும் இதே வேகத்தில் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். விளம்பரப் பணம் கொண்டுவந்து கொட்டிய புதியவர்கள் அதை மறைத்திருந்தார்கள்.

இனி இதைச் சொந்தத் திட்டத்துக்குக் கொண்டுவருவோம். சந்தாத் தொழில் தொடங்கப் பணம் கேட்டுப் போகும் எவரும் ஒரு திட்ட அறிக்கை எழுதுகிறார்கள். அதில் ‘மாத விலகல் விகிதம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலும் ஒரே ஒரு எண். ஐந்து, எட்டு, சில சமயம் பத்து சதவீதம். அடுத்த ஐந்து ஆண்டு வருமானமும் லாபமும் அந்த ஒற்றை எண்ணின் மேல்தான் ஏறி நிற்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ‘இந்தத் துறையில் இதுதான் சராசரி’ என்பார்கள். அல்லது தங்கள் நிறுவனத்தின் கடந்த மாதக் கணக்கைக் காட்டுவார்கள். இரண்டாவது பதில் நியாயமானதாகத் தெரியும். சிக்கல் அதற்குள்தான் இருக்கிறது.

கணக்குக்காக ஒரு நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். மாதம் 500 ரூபாய் சந்தாவில் தின்பண்டப் பெட்டி அனுப்புகிறது. 10,000 சந்தாதாரர்கள். அதில் 9,000 பேர் பழையவர்கள், 1,000 பேர் இந்த மாதம் சேர்ந்தவர்கள். பழையவர்களில் மாதம் 5 சதவீதம், அதாவது 450 பேர் விலகுகிறார்கள். புதியவர்களில் 35 சதவீதம், அதாவது 350 பேர் முதல் பெட்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மொத்தம் 800 பேர். 10,000-க்கு 800 என்றால் 8 சதவீதம். திட்டத்தில் ‘8’ என்று எழுதப்படுகிறது.

இந்த 8 யாருடைய விகிதமும் அல்ல. பழையவருக்கு அது அதிகம், புதியவருக்கு மிகவும் குறைவு. கலவை மாறினால் எண்ணும் மாறும். முதலீடு கிடைத்து, மாதம் 3,000 பேரைச் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய 9,000 பேரில் அதே 450 பேர், புதிய 3,000 பேரில் அதே 35 சதவீதம், அதாவது 1,050 பேர். மொத்தம் 12,000-க்கு 1,500, அதாவது 12.5 சதவீதம். ஒரு வாடிக்கையாளரின் மனம்கூட மாறவில்லை, பெட்டியின் தரமும் குறையவில்லை. விகிதம் மட்டும் எகிறிவிட்டது. திட்டம் வேகமான வளர்ச்சியையும் 8 சதவீத விலகலையும் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தால், அந்த இரண்டும் சேர்ந்து நிகழவே முடியாது.

எதிர்த் திசையில் நடப்பது இன்னும் ஆபத்தானது. பணம் தீர்ந்து விளம்பரம் நின்றால், சேர்வோர் இல்லாமல் பழையவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். விலகல் விகிதம் 5 சதவீதத்துக்கு இறங்கும். ‘வாடிக்கையாளர்களைத் தக்கவைப்பதில் முன்னேறிவிட்டோம்’ என்று நிர்வாகக் குழுவிடம் ஸ்லைடு போடுவார்கள். உண்மையில் நிறுவனம் மாதா மாதம் சுருங்கிக்கொண்டிருக்கும்.

பழையவர்கள் ஏன் குறைவாக விலகுகிறார்கள் என்பதிலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. நாளாக ஆக வாடிக்கையாளருக்கு விசுவாசம் கூடுகிறது என்று சொல்வார்கள். வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியின் பீட்டர் ஃபேடரும் லண்டன் பிசினஸ் ஸ்கூலின் புரூஸ் ஹார்டியும் 2007-இல் எழுதிய ஒரு ஆய்வுக் கட்டுரையில் இதற்கு வேறு விளக்கம் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் சேர்ந்த ஆயிரம் பேரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். சிலர் எளிதில் விலகக்கூடியவர்கள், சிலர் நிலைத்து நிற்பவர்கள். எளிதில் போகிறவர்கள் முதலில் போய்விடுவதால், மிஞ்சியவர்களிடையே நிலைத்து நிற்பவர்களின் பங்கு தானாகக் கூடுகிறது. சலித்த பிறகு சல்லடையில் பெரிய மணிகள் மட்டும் நிற்கின்றன என்றால், சலிக்கச் சலிக்க மணி பெரிதானது என்று யாரும் சொல்வதில்லை. தனிப்பட்ட எவருடைய விசுவாசமும் கூடாமலே, மொத்தக் கூட்டத்தின் தங்கும் விகிதம் மாதா மாதம் உயரும் என்பதை அவர்களுடைய மாதிரி காட்டியது.

இதன் பொருள் திட்டம் எழுதுபவருக்கு நேரடியானது. விலகலை ஒரு எண்ணாக எழுதக் கூடாது, ஒரு வளைவாக எழுத வேண்டும். ஒவ்வொரு மாதமும் சேர்ந்தவர்களைத் தனித்தனி பேட்ச்சாக வைத்து, அவர்கள் மாதா மாதம் எத்தனை பேராகக் குறைகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அதே தின்பண்ட நிறுவனத்தில் ஜனவரியில் 1,000 பேர் சேர்கிறார்கள். பிப்ரவரியில் பணம் கட்டுபவர்கள் 650. மார்ச்சில் 500, ஏப்ரலில் 420, மே மாதம் 370, ஜூனில் 330. அதன் பிறகு இறக்கம் மெதுவாகிறது. ஜூலையில் 300, பிறகு 280, 262, 246, 232. டிசம்பரில் 220 பேர். இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஓராண்டில் கட்டிய மாதச் சந்தாக்களைக் கூட்டினால் 4,810 வரும். சேர்ந்தவர் ஒருவருக்குச் சராசரியாக 4.8 மாதம்.

எட்டு சதவீதம் என்று ஒரே எண்ணை வைத்துப் போட்ட திட்டம் என்ன சொல்லும்? முதல் ஆண்டில் தலைக்கு 7.9 மாதச் சந்தா. அதோடு நிற்காது. ஒன்றை விலகல் விகிதத்தால் வகுத்தால் வாடிக்கையாளரின் ஆயுள் கிடைக்கும் என்று ஒரு சூத்திரம் எல்லா எக்செல் தாள்களிலும் இருக்கிறது. `1 / 0.08 = 12.5` மாதம். 500 ரூபாய் சந்தாவில் பொருள், பேக்கிங், கூரியர் போக 200 ரூபாய் மிஞ்சும் என்றால், வாடிக்கையாளர் ஒருவரின் மதிப்பு 2,500 ரூபாய். அவரைப் பிடிக்க 900 ரூபாய் செலவு. போட்டது ஏறத்தாழ மூன்று மடங்காகத் திரும்பும் என்று முதலீட்டாளர் தலையாட்டுவார்.

உண்மைப் பேட்ச்சில் முதல் ஆண்டு முழுவதும் தலைக்குக் கிடைத்தது 962 ரூபாய். போட்ட 900 எப்போது திரும்பியது என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி. திட்டத்தின்படி ஆறாவது மாதத்தில். நடைமுறையில் பதினோராவது மாதத்தில். இந்த ஐந்து மாத வித்தியாசம் லாப நட்டக் கணக்கில் ஒரு சின்னக் கீறல்போலத் தெரியலாம். வங்கிக் கணக்கில் அப்படித் தெரியாது.

மாதம் 1,000 பேரைச் சேர்க்க 9 லட்ச ரூபாய் செலவு. திட்டத்தின் கணக்கில், கையிலிருந்து போகும் பணம் ஐந்தாவது மாதத்தில் 18 லட்சத்தைத் தொட்டு, ஆறாவது மாதத்திலிருந்து திரும்பி வரத் தொடங்கும். எனவே 20 லட்சம் திரட்டினால் போதும் என்று திட்டம் சொல்லும். உண்மை வளைவில் மூன்று மாதம் முடியும்போதே 17.4 லட்சம் போயிருக்கும். நான்காவது மாதத்தில் தேவை 21 லட்சத்தைத் தாண்டும். திரட்டிய 20 லட்சம் அங்கேயே தீர்ந்தது. பள்ளத்தின் அடி பத்தாவது மாதத்தில், 31 லட்சத்தில் இருக்கிறது. வாடகை, சம்பளம் எதையும் இதில் சேர்க்கவில்லை. நல்ல பெட்டி, நல்ல சுவை, கடைசிவரை நிற்கக்கூடிய 220 பேர், எல்லாம் இருந்தும் அந்த நிறுவனம் நான்காவது மாதத்தில் கடன் தேடி அலையும்.

இதே வளைவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதத்தின் இறக்கத்தைப் பார்த்துப் பயந்து, ‘மாதம் 25 சதவீதம் போகிறார்கள், ஓராண்டில் யாரும் மிஞ்சமாட்டார்கள்’ என்று கடையை மூடுவதும் தவறுதான். மாதம் 25 சதவீதம் என்ற ஒரே விகிதத்தில் போனால் டிசம்பரில் 42 பேர்தான் இருப்பார்கள். பேட்ச்சில் இருப்பவர்கள் 220 பேர். ஒற்றை எண் ஒரு சமயம் பொய்யான நம்பிக்கையைத் தருகிறது, இன்னொரு சமயம் பொய்யான பயத்தைத் தருகிறது.

வகுக்கும்போது கீழே எதைப் போடுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். டிவிடி வாடகையில் இருந்த காலத்தில் நெட்ஃபிளிக்ஸ் தன் விலகல் விகிதத்தை வெளிப்படையாக அறிவித்து வந்தது. காலாண்டில் ரத்து செய்தவர்களை, காலாண்டின் தொடக்கத்தில் இருந்தவர்களும் அந்தக் காலாண்டில் புதிதாகச் சேர்ந்தவர்களும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுத்து, அதை மூன்றால் வகுப்பார்கள். முறையை அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள், ஒளிவுமறைவு இல்லை. தொடக்கத்தில் இருந்தவர்களை மட்டும் கீழே போடும் நிறுவனத்தின் எண்ணைவிட இந்த எண் குறைவாகத்தான் வரும். இரண்டையும் அருகருகே வைத்து ‘துறையின் சராசரி’ என்று திட்டத்தில் எழுதுவது அர்த்தமற்றது. ஒரு எண்ணைக் கடன் வாங்குபவர் அதன் சூத்திரத்தையும் சேர்த்து வாங்க வேண்டும்.

இந்தியாவில் இதற்குக் கூடுதலாக ஒரு வரி தேவைப்படுகிறது. விலகுபவர்கள் எல்லோரும் மனம் மாறி விலகுவதில்லை. அட்டை காலாவதியாகும், கணக்கில் பணம் இருக்காது, வங்கி பரிவர்த்தனையை மறுக்கும். 2021 அக்டோபர் 1-ஆம் தேதி இது ஒரே இரவில் பெரிய விஷயமானது. அட்டையிலிருந்து மாதா மாதம் தானாகப் பிடிக்கும் பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் அன்று நடைமுறைக்கு வந்தன. வாடிக்கையாளர் முதலில் கூடுதல் சரிபார்ப்போடு ஒப்புதலைப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அவருக்குத் தகவல் போக வேண்டும். 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. இந்த வரம்பு 2022 ஜூனில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பழைய ஒப்புதல்கள் பல செல்லாமல் போயின. சேவையை நேற்றுவரை விரும்பிப் பயன்படுத்தியவர் இன்று ‘விலகியவர்’ பட்டியலுக்குப் போய்விட்டார். அவர் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை.

விதி நியாயமானது. கேட்காமலே பணம் போவதிலிருந்து சாதாரண மக்களை அது காக்கிறது. 24 மணி நேரம் முன்பே வரும் அந்தத் தகவல், மறந்துபோன சந்தாவை நினைவூட்டி ரத்து செய்யவும் வைக்கிறது. மறதியால் வந்துகொண்டிருந்த வருமானத்தை இங்கே திட்டத்தில் எழுத முடியாது, எழுதவும் கூடாது. அமெரிக்க நிறுவனத்தின் தங்கும் விகிதத்தை எடுத்து சென்னைத் திட்டத்தில் ஒட்டுபவர்கள் இந்த வித்தியாசத்தைத் தவறவிடுகிறார்கள். பணம் பிடிபடாமல் போனவர்களையும், போதும் என்று போனவர்களையும் இரண்டு வரிகளில் எழுத வேண்டும். முதல் வகையை இன்னொரு முறை முயன்றும், யுபிஐ ஆட்டோபேக்கு மாற்றியும், ஒரு தொலைபேசி அழைப்பிலும் ஓரளவு மீட்கலாம். இரண்டாவது வகைக்கு அந்த மருந்து வேலை செய்யாது. சேர்த்து எழுதினால், எதை எதனால் சரிசெய்வது என்றே தெரியாமல் போகும்.

வரலாறே இல்லாத புதிய தொழில், வளைவை எங்கிருந்து எடுப்பது? சிறிய அளவில் தொடங்கி, முதல் பேட்ச்சைப் பொறுமையாகக் கவனிப்பதைத் தவிர வேறு நல்ல வழியில்லை. 200 பேரைச் சேர்த்து மூன்று, நான்கு மாதம் பார்த்தாலே முதல் சரிவு எவ்வளவு ஆழம் என்பது தெரிந்துவிடும். அந்த 200 பேரும் முதலாளியின் நண்பர்களாகவும் உறவினர்களாகவும் இருந்தால் கணக்கு உதவாது. அவர்கள் முகதாட்சண்யத்துக்காக இருப்பார்கள். பிற்பாடு எந்த விளம்பரத்தால், எந்த விலையில் ஆள் சேர்க்கப்போகிறார்களோ, அதே வழியில் வந்தவர்கள் வேண்டும். முதல் பெட்டி பாதி விலைக்கு வாங்கியவர்களையும் முழு விலைக்கு வாங்கியவர்களையும் தனித்தனி பேட்ச்சாக எழுதிவைக்க வேண்டும். மூன்றாம் மாதத்தில் அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே தெரியும் இடைவெளியைப் பார்த்த பிறகு பலர் தள்ளுபடித் திட்டத்தையே மாற்றிவிடுவார்கள்.

பிறகு ஒரு சோதனையை நிறுத்தாமல் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஜனவரி பேட்ச்சில் மூன்றாவது மாதம் எத்தனை சதவீதம் இருந்தார்கள், பிப்ரவரி பேட்ச்சில் எத்தனை, மார்ச் பேட்ச்சில் எத்தனை என்று ஒரே வயதில் வைத்து ஒப்பிட வேண்டும். 50, 47, 43 என்று இறங்கிக்கொண்டு போனால், புதிதாக வருபவர்களின் தரம் குறைகிறது என்று பொருள். விருப்பமுள்ளவர்கள் முதலில் வந்துவிட்டார்கள், இப்போது விளம்பரம் இழுத்து வருவது அரை மனதுக்காரர்களை. மொத்த விலகல் விகிதத்தில் இது பல மாதம் கழித்துத்தான் தெரியும். மொத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போது அதுவும் தெரியாது.

ப்ளூ ஏப்ரன் 2019 ஜூனில் 15 பங்குகளை ஒரு பங்காகச் சுருக்கியது. 2023 ஜூனில் மறுபடியும் 12 பங்குகளை ஒன்றாக்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில், வொண்டர் குரூப் என்ற நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 13 டாலர் கொடுத்து அதை வாங்குவதாக அறிவித்தது. மொத்த விலை சுமார் 10.3 கோடி டாலர். முதல் நாளில் 10 டாலர் கொடுத்து 180 பங்கு வாங்கி, கடைசிவரை வைத்திருந்தவர் போட்டது 1,800 டாலர். திரும்பக் கிடைத்தது 13 டாலர்.

அன்று அந்தப் பங்கை வாங்கியவர்களுக்கு முன் ஒரு ஆவணம் இருந்தது, பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடியது. 94, 939, பத்து லட்சம் என்று அதில் இருந்த எண்கள் எதுவும் பொய் அல்ல. பேட்ச் வாரியான தங்கும் விகிதம் மட்டும் இல்லை, அதைக் கட்டாயம் தர வேண்டும் என்று சொல்லும் விதியும் அங்கே இல்லை. சந்தாத் தொழிலில் பங்கு வாங்கப்போகிறவரும், தன் சேமிப்பைப் போடப்போகிறவரும், கடன் கொடுக்கப்போகும் வங்கி மேலாளரும், ஒற்றைச் சதவீதத்தைக் காட்டும் திட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாதா மாதம் சேர்ந்தவர்கள் எத்தனை பேராகக் குறைந்தார்கள் என்ற அட்டவணையைக் கேளுங்கள். ஒரு பக்கத்தில் அடங்கும் அட்டவணை அது. பில்லிங் மென்பொருளில் அதற்கான தரவு ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தர மறுப்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.